மின்னஞ்சலும் இல்லை, எண்ணும் இல்லை, சந்தா மட்டும் ஓடுகிறது: அறிகுறி பார்த்து நிறுத்தும் வழி

சந்தாவை ரத்து செய்யலாம் என்று உள்ளே போனால் ஓடிபி கேட்கிறது. அந்த ஓடிபி போய்ச் சேரும் எண்ணை நீங்கள் விட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. சரி, மின்னஞ்சல் வழியாகப் பார்ப்போம் என்றால் அது பழைய அலுவலகத்து முகவரி. கணக்குக்குள் நுழைய ஒரு வாசலும் இல்லை. கார்டிலிருந்து மட்டும் மாதம் தவறாமல் பணம் போகிறது.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் முதலில் பழைய மின்னஞ்சலை மீட்கத்தான் ஓடுகிறார்கள். நாள்கணக்கில் அதிலேயே மாட்டிக்கொண்டு, நடுவில் இன்னொரு மாதக் கட்டணமும் போய்விடும். நான் சொல்வது இதுதான்: கணக்கைத் திறப்பது ஒரு வேலை, கட்டணத்தை நிறுத்துவது வேறு வேலை. இரண்டாவதைச் செய்ய முதலாவது பல நேரம் தேவையே இல்லை.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் அறிக்கையில் இருக்கும் கட்டண வரி

வங்கிச் செயலியையோ கார்டு அறிக்கையையோ திறந்து, கடைசியாகப் பணம் போன வரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பணத்தை வாங்குவது யார் என்று அதில் இருக்கும். நீங்கள் பயன்படுத்தும் சேவையின் பெயரே அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

`APPLE.COM/BILL` என்றிருந்தால் சந்தா ஆப்பிள் வழியாக ஓடுகிறது. `GOOGLE *` என்று தொடங்கி அப்புறம் செயலியின் பெயர் வந்தால் பெரும்பாலும் கூகுள் பிளே. `PAYPAL *` என்றால் பேபால் நடுவில் நிற்கிறது. இவை எதுவும் இல்லாமல் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் அவர்களே உங்கள் கார்டிலிருந்து நேரடியாக எடுக்கிறார்கள். சில வரிகளில் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு தொலைபேசி எண் அல்லது இணைய முகவரி இருக்கும். பின்னால் உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.

தேதி, தொகை, கார்டின் கடைசி 4 இலக்கம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த கட்டணம் எப்போது என்று இதிலிருந்தே தெரிந்துவிடும். உங்களுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதும் அதுதான்.

## அறிகுறி: வரியில் ஆப்பிள் அல்லது கூகுள் இருக்கிறது

இதுதான் சுலபமான நிலை. செயலிக்குள் நீங்கள் கொடுத்த பழைய மின்னஞ்சலுக்கும் இந்தக் கட்டணத்துக்கும் சம்பந்தமே இல்லை. சந்தா உங்கள் ஆப்பிள் கணக்கில் அல்லது கூகுள் கணக்கில்தான் இருக்கிறது.

ஐபோனில் Settings திறந்து, மேலே உங்கள் பெயரைத் தொட்டு, Subscriptions போங்கள். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரின் மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு Payments & subscriptions, பிறகு Subscriptions. கணினியில் என்றால் `play.google.com/store/account/subscriptions`. அங்கே ரத்து செய்தால் வேலை முடிந்தது. செயலியின் லாகின் திரையைப் பார்க்கவே வேண்டாம்.

பட்டியல் காலியாக இருந்தால் பயப்படாதீர்கள். கூகுளில், போனில் இருக்கும் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனிப் பட்டியல். படத்தைத் தொட்டு ஒவ்வொரு கணக்காக மாற்றிப் பாருங்கள். ஆப்பிளில் குடும்பப் பகிர்வு இருந்தால், கட்டணம் உங்கள் கார்டில் விழுந்தாலும் சந்தா வீட்டில் இன்னொருவர் கணக்கில் இருக்கலாம். அதை அவர் கணக்கிலிருந்துதான் ரத்து செய்ய முடியும். உங்கள் திரையில் அது தெரியாது.

இன்னொன்று: செயலியை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இன்றும் நிறையப் பேர். நிற்காது.

## அறிகுறி: வரியில் பேபால் இருக்கிறது

பேபாலில் நுழைய முடிந்தால் போதும். இணையதளத்தில் அமைப்புகளுக்குப் போய் Payments பகுதியில் Automatic payments என்பதைத் திறந்தால், உங்கள் பணத்தைத் தானாக எடுக்க அனுமதி பெற்ற நிறுவனங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். அதன்பின் அந்த ஒப்புதலை வைத்து அந்த நிறுவனம் பணம் எடுக்க முடியாது. ரத்து செய்த திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: நேரடிக் கட்டணம், ஆனால் ஏதோ ஒரு சாதனத்தில் லாகின் இன்னும் உயிரோடு இருக்கிறது

பழைய போன், டேப்லெட், வீட்டு டிவி, எப்போதோ பயன்படுத்திய கணினியின் பிரௌசர் எல்லாவற்றையும் தேடுங்கள். ஒன்றில் கணக்கு திறந்தபடி இருந்தால், அதில் செய்யக்கூடாதவைதான் முக்கியம். லாகவுட் செய்யாதீர்கள். குக்கீகளை அழிக்காதீர்கள். செயலியை நீக்கி மறுபடி போடாதீர்கள். பாஸ்வேர்டையும் இப்போது மாற்ற வேண்டாம். மாற்றினால் சில சேவைகள் எல்லாச் சாதனங்களையும் வெளியே தள்ளிவிட்டு, மறுபடி நுழைய ஓடிபி கேட்கும். இருந்த ஒரே கதவும் அடைபட்டுவிடும்.

ரத்து முதலில், மின்னஞ்சல் மாற்றம் பிறகு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மின்னஞ்சலை மாற்றும்போது பல சேவைகள் பழைய முகவரிக்கு ஒப்புதல் கேட்டு ஒரு கடிதம் அனுப்பும். அதை உங்களால் திறக்க முடியாது, மாற்றம் பாதியில் தொங்கும். ஆனால் ரத்து செய்ய, பெரும்பாலான இடங்களில் திறந்திருக்கும் லாகினே போதும்.

போன் செயலியில் ரத்து பொத்தானே இல்லையென்றால், இணையதளத்தில் வாங்கிய சந்தாவாக இருக்கலாம். அதே போனின் பிரௌசரில் அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள், அங்கேயும் லாகின் இருக்கலாம். டிவியில் ரத்து செய்ய பெரும்பாலும் வழி இருக்காது என்றாலும் அதன் கணக்குப் பக்கத்தில் எந்த மின்னஞ்சலில் கணக்கு இருக்கிறது என்று காட்டும். அடுத்த அறிகுறிக்கு அது மருந்து.

## அறிகுறி: "இந்த மின்னஞ்சலில் கணக்கு இல்லை" என்கிறது

பணம் போகிறது என்றால் கணக்கு இருக்கிறது. நீங்கள் நினைக்கும் முகவரியில் இல்லை, அவ்வளவுதான்.

ஆப்பிள் வழியாக லாகின் செய்யும்போது "Hide My Email" தேர்ந்தெடுத்திருந்தால், அந்த நிறுவனத்திடம் உங்கள் முகவரியே போயிருக்காது. `@privaterelay.appleid.com` என்று முடியும் ஒரு மாற்று முகவரிதான் போயிருக்கும். ஐபோனின் Settings-இல் உங்கள் பெயரைத் தொட்டு, iCloud, பிறகு Hide My Email பகுதியைப் பாருங்கள். அந்தச் சேவையின் பெயரோடு மாற்று முகவரி இருக்கும். அந்த முகவரிக்கு வரும் கடிதங்கள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையும் அங்கேயே மாற்றலாம். செத்துப்போன அலுவலக முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தவற்றை உங்கள் இப்போதைய முகவரிக்குத் திருப்பிவிட்டால், ஓடிபி நேராக உங்களிடமே வரும்.

இது இல்லையென்றால் பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைப் பாருங்கள். குரோமில் முகவரிப் பட்டியில் இதை அடித்தால் போதும்:

```
chrome://password-manager/passwords
```

பாஸ்வேர்டைவிட அங்கே இருக்கும் பயனர் பெயர்தான் இப்போது வேண்டும். பல வருடங்களுக்கு முன் எந்த முகவரியைக் கொடுத்தோம் என்பதை நம்மைவிட பிரௌசர் நன்றாக நினைவில் வைத்திருக்கும்.

## அறிகுறி: பாஸ்வேர்டு சரி, ஓடிபி மட்டும் பழைய எண்ணுக்குப் போகிறது

ஓடிபி கேட்கும் பெட்டியின் கீழே சிறிய எழுத்தில் "Try another way" அல்லது அதுபோன்ற ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால் மின்னஞ்சல், ஆதென்டிகேட்டர் செயலி, முன்பே எடுத்து வைத்த பேக்கப் குறியீடு என்று வேறு வழிகள் வரலாம்.

எண்ணை விட்டுச் சில வாரம்தான் ஆகிறது என்றால் உடனே தொலைபேசி நிறுவனத்தைக் கேளுங்கள். விடப்பட்ட எண்ணை உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிட மாட்டார்கள், சில காலம் சும்மா வைத்திருப்பார்கள். அதற்குள் கேட்டால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. அது வேறொருவர் கைக்குப் போயிருந்தால், அவரை அழைத்து "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள்" என்று கேட்கவே கேட்காதீர்கள். மோசடிக்காரர்கள் கேட்பதும் அதையேதான். நல்ல மனிதர் என்றால் மறுத்துவிடுவார். சரி என்று சொல்பவரிடம் உங்கள் கணக்கின் சாவியைக் கொடுத்ததாகிவிடும்.

மின்னஞ்சலை மீட்பதற்கும் நேரம் ஒரு காரணி. அலுவலக, கல்லூரி முகவரி என்றால் அங்கே இருக்கும் கணினி நிர்வாகியைக் கேட்கலாம். "என் பழைய கணக்கைத் திறந்து கொடுங்கள்" என்றால் முடியாது என்பார். "இன்று 11 மணிக்கு இந்த நிறுவனத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் வரும், அதை மட்டும் எனக்குத் திருப்பிவிட முடியுமா" என்று கேட்டால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஜிமெயில் என்றால் `g.co/recover` பக்கத்தை நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்திய கணினியிலிருந்தும் வழக்கமான இடத்திலிருந்தும் திறங்கள். கூகுள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் 2 வருடம் தொடாமல் கிடந்த தனிநபர் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். அப்படி நீக்கப்பட்ட ஜிமெயில் முகவரியைப் புதிதாக யாரும் பதிவு செய்ய முடியாது, நீங்களும்தான். அந்த நிலையில் மீட்பு முயற்சியை விட்டுவிட்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

## அறிகுறி: எந்தக் கதவும் திறக்கவில்லை

இனி வாடிக்கையாளர் சேவைதான். முதல் ஆபத்து இங்கேயே இருக்கிறது. தேடுபொறியில் நிறுவனத்தின் பெயரோடு உதவி எண்ணைத் தேடினால் போலி எண்கள் வரும். நிறுவனத்தின் சொந்தத் தளம், செயலிக் கடையில் அந்தச் செயலியின் பக்கத்தில் இருக்கும் தொடர்பு முகவரி, கட்டண வரியில் இருந்த எண், இந்த மூன்றையும் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். கணக்கைத் தேடிப்பிடிக்க முழுக் கார்டு எண்ணோ, பின்பக்க 3 இலக்கமோ, ஓடிபியோ யாருக்கும் தேவைப்படாது. கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

அடுத்து, கேட்கும் விதம். "என் கணக்கைத் திறந்து கொடுங்கள், மின்னஞ்சலை மாற்றுங்கள்" என்று எழுதினால் அது பாதுகாப்புப் பிரச்சினையாகிவிடும். உதவியாளர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. தவறான ஆளிடம் கணக்கைக் கொடுத்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். "அடுத்த புதுப்பிப்பை நிறுத்துங்கள், கணக்குக்குள் எனக்கு அனுமதி வேண்டாம்" என்று எழுதினால் அது வெறும் கட்டணப் பிரச்சினை. யாருக்கும் எதுவும் கைமாறவில்லை. பணம் கட்டுபவர் நீங்கள்தான் என்று காட்டினால் போதும்.

என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். புகைப்படங்களைத் திருத்தும் ஒரு சேவைக்கு மாதச் சந்தா வைத்திருந்தாள். மின்னஞ்சல் பழைய அலுவலகத்துடையது, எண்ணும் அவர்கள் கொடுத்தது. வேலை மாறியதும் இரண்டும் போயின. கட்டணம் ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி. 2-ஆம் தேதி அவளும் நானும் உட்கார்ந்து இப்படி எழுதினோம்:

> வணக்கம். உங்கள் சந்தாவுக்கான கட்டணம் என் கார்டிலிருந்து மாதந்தோறும் போகிறது. கணக்கில் இருக்கும் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் இப்போது என்னிடம் இல்லை. கணக்கைத் திறக்க வேண்டாம், அதில் எதையும் மாற்றவும் வேண்டாம். 14-ஆம் தேதிக்கு முன் தானியங்கிப் புதுப்பிப்பை மட்டும் ரத்து செய்து, இந்தக் கடிதத்துக்கே பதிலாக உறுதி செய்யுங்கள். பழைய மின்னஞ்சல் முகவரி, கடைசி மூன்று கட்டணங்களின் தேதி, தொகை, கார்டின் கடைசி 4 இலக்கம், கார்டில் உள்ள பெயர் கீழே இருக்கின்றன.

இரண்டு நாளில் பதில் வந்தது: "இந்தக் கார்டில் எந்தக் கட்டணமும் எங்களிடம் இல்லை." அக்கா அதிர்ந்துபோனாள். அறிக்கையில் கட்டணம் கண்ணெதிரே இருக்கிறது!

நிறைய பேர் கைவிடும் இடம் இதுதான், ஆனால் காரணம் சின்னது. அவள் முதலில் சந்தா வாங்கியது போனின் வாலட் வழியாக. அப்படிக் கட்டும்போது உண்மையான கார்டு எண் வியாபாரியிடம் போவதில்லை, அதற்குப் பதிலாக வேறொரு எண் போகிறது. அதன் கடைசி 4 இலக்கம் கார்டில் அச்சடித்திருப்பதோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. உதவியாளர் பொய் சொல்லவில்லை. அவர் தேடிய 4 இலக்கம் அவர்கள் பதிவிலேயே இல்லை.

ஐபோனில் Wallet திறந்து அந்தக் கார்டின் விவரங்களைப் பார்த்தால் Device Account Number என்று அந்த மாற்று எண்ணின் கடைசி இலக்கங்கள் இருக்கும். கூகுள் வாலட்டிலும் கார்டு விவரத்தில் இதுபோன்ற ஒரு எண் உண்டு. ஒவ்வொரு போனுக்கும் இது வேறு. அக்காவோ நடுவில் போனை மாற்றியிருந்தாள். நல்லவேளை, பழைய போன் மேசை இழுப்பறையில் கிடந்தது, கார்டும் அதில் இருந்தது. சார்ஜ் போட்டு, எண்ணைப் பார்த்து, அதே கடிதத்துக்குக் கீழே அனுப்பினோம். பழைய போன் இல்லாதவர்கள் வங்கியைக் கேட்கலாம். குறிப்பிட்ட கட்டணத்துக்கான அங்கீகார எண்ணை வங்கி எடுத்துத் தர முடிந்தால், அதை வைத்து வியாபாரி தன் பக்கம் தேடிப்பார்க்கலாம்.

8-ஆம் தேதி கணக்கு கிடைத்துவிட்டது, புதுப்பிப்பை நிறுத்திவிட்டோம் என்று பதில். "உறுதிக் கடிதம் உங்கள் பதிவு மின்னஞ்சலுக்கு அனுப்பப்பட்டது" என்று கூடவே ஒரு வரி. அதாவது யாரும் திறக்க முடியாத பெட்டிக்கு! ரத்து ஆன தேதி, சந்தா முடியும் தேதி இரண்டையும் இந்தப் பதிலிலேயே எழுதித் தாருங்கள் என்று கேட்டு வாங்கினோம். ஏற்கெனவே போன மாதங்களின் பணம் திரும்பவில்லை. கேட்டுப் பார்த்தோம், தரவில்லை.

## அறிகுறி: நிறுவனம் மறுக்கிறது, அல்லது பதிலே இல்லை

இப்போதுதான் வங்கி. "கார்டை மாற்றுங்கள்" என்று கேட்டு அதோடு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் புதிய கார்டு எண்ணைச் சந்தா நிறுவனங்களுக்குத் தானாகத் தெரிவிக்கும் வசதி இருக்கிறது. விசாவில் அதன் பெயர் அக்கவுன்ட் அப்டேட்டர், மாஸ்டர்கார்டில் ஆட்டோமேட்டிக் பில்லிங் அப்டேட்டர். வங்கியும் வியாபாரியும் இதில் சேர்ந்திருந்தால், புதிய கார்டு கைக்கு வந்த அடுத்த மாதமே பழைய சந்தா அதில் ஏறிக்கொள்ளும். "கார்டை மாற்றியும் பணம் போகிறதே" என்று குழம்புபவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

அதனால் இந்த வியாபாரியின் தொடர் கட்டணத்தை மட்டும் தடுக்க வேண்டும் என்று வங்கியிடம் சொல்லுங்கள். வங்கிச் செயலியில் தொடர் கட்டணங்களின் பட்டியல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீங்கள் ரத்து கேட்ட பிறகும் பணம் போயிருந்தால் அந்தக் கட்டணத்தை எதிர்த்து முறையிடலாம். விசாவின் விதிகளில் இதற்கென்றே ரத்து செய்யப்பட்ட தொடர் கட்டணம் என்று ஒரு வகை உண்டு, அதன் குறியீடு 13.2. வங்கி முதலில் கேட்பது: எப்போது ரத்து கேட்டீர்கள், அதற்குச் சான்று என்ன? நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் அப்போது கைகொடுக்கும். பதில் வராவிட்டாலும் எழுதிவிடுங்கள் என்று சொல்வது அதற்காகத்தான். "இந்தச் சந்தாவை நான் வாங்கவே இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உண்மை அதுவல்ல, நிறுவனம் பழைய பயன்பாட்டைக் காட்டினால் முறையீடு அங்கேயே விழுந்துவிடும்.

வருட ஒப்பந்தம் போட்ட சந்தாவில் ஒரு எச்சரிக்கை. வங்கி பணத்தை நிறுத்தினாலும் ஒப்பந்தம் நிற்பதில்லை, மீதித் தொகை பாக்கியாக நிற்கலாம். அப்படிப்பட்டதில் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான பதில் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.

## நின்றுவிட்டதா என்று பார்ப்பது

சந்தா திரையில் "புதுப்பிக்கப்படும்" என்ற சொல் போய் "முடிவடையும்" என்று ஒரு தேதி வந்திருக்க வேண்டும். சேவை உடனே நிற்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், கட்டிய காலம் வரை பெரும்பாலும் வேலை செய்யும். "இடைநிறுத்தம்" என்று இருந்தால் அது ரத்து இல்லை, சில வாரம் கழித்துத் தானாக மறுபடி தொடங்கிவிடும். கணக்கை நீக்கினாலும் சந்தா தானாக நிற்கும் என்று நம்ப முடியாது, ஆப்பிள் அல்லது கூகுள் வழியாக வாங்கியது குறிப்பாக நிற்காது.

திரையே பார்க்க முடியாதவர்களுக்குக் கட்டண வரிதான் சாட்சி. கட்டணத் தேதியிலும் அதைத் தொடரும் சில நாள்களிலும் அறிக்கையைப் பாருங்கள், ஏனென்றால் முதல் முயற்சி தோற்றால் பல நிறுவனங்கள் சில நாள் இடைவெளியில் மறுபடி மறுபடி முயலும். அக்கா 14, 15, பிறகு 20 என்று பார்த்தாள். அடுத்த மாதம் 14-ஆம் தேதியும் ஒரு முறை பார்த்தாள். வரி வரவில்லை.